எமோஜியில் தமிழ் வாக்கியம்: எதைப் படமாக்குவது, எதை எழுத்தாகவே விடுவது

👦🐕👀

இந்த மூன்று படங்களைப் பத்துப் பேரிடம் காட்டினால் பெரும்பாலும் இரண்டு பதில் வரும். பையன் நாயைப் பார்த்தான் என்பார்கள் சிலர். பையனை நாய் பார்த்தது என்பார்கள் சிலர். இரண்டும் சரியான தமிழ், இரண்டுக்கும் படங்களின் வரிசை ஒன்றுதான். சிக்கல் படத்தில் இல்லை. 'ஐ', 'ஆன்', 'அது' என்ற மூன்று சின்ன ஒட்டுகள் விழுந்துவிட்டன, அவ்வளவுதான்.

பெயரையும் வினையையும் எமோஜியாக மாற்றி எழுதும் வாக்கியப் புதிர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் நிறையச் சுற்றுகின்றன. ஆங்கிலத்தில் அப்படி எழுதும்போது சொல்வரிசை பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். வினைக்கு முன்னால் நிற்பது செய்தவர், பின்னால் நிற்பது செய்யப்பட்டது. தமிழில் அந்த வேலையைச் செய்வது வேற்றுமை உருபும் வினைமுற்றின் விகுதியும். ஆகவே ஆங்கிலப் புதிர் போடும் முறையை அப்படியே எடுத்துத் தமிழ் வாக்கியத்தில் வைத்தால் பாதி வாக்கியங்கள் குழம்பும். தமிழுக்கான முறை வேறு: வேர்ச்சொல்லைப் படமாக்கு, ஒட்டை எழுத்தாக விடு. அதை எப்படிச் செய்வது, எங்கே ஒட்டைக்கூட விட்டுவிடலாம், எங்கே விடவே கூடாது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், படிப்பவர் என்ன செய்கிறார்

படவரிசையைப் பார்த்ததும் யாரும் இடமிருந்து வலமாக ஒவ்வொரு சொல்லாகப் பெயர்ப்பதில்லை. முதல் படத்தைச் 'செய்பவர்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு, செயல் போலத் தெரியும் படம் எது என்று தேடுகிறார்கள். மீதி இருப்பதை இந்த இரண்டுக்கும் நடுவில் பொருத்திப் பார்க்கிறார்கள். பொருந்தினால் அதோடு முடிந்தது, திரும்பிச் சரிபார்ப்பது அரிது.

இதில் தமிழ் எழுதுபவருக்குச் சாதகமான செய்தி ஒன்று உண்டு. 2008-ல் உளவியலாளர் சூசன் கோல்டின்-மெடோவும் அவரது குழுவினரும் ஆங்கிலம், துருக்கி, ஸ்பானிஷ், சீனம் பேசுபவர்களிடம், வாய் திறக்காமல் சைகையால் மட்டும் ஒரு நிகழ்ச்சியை விளக்கச் சொன்னார்கள். படத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் காட்டச் சொன்னார்கள். தாய்மொழியில் வினையை நடுவில் வைப்பவர்கள்கூடச் செய்பவர், பொருள், செயல் என்ற வரிசைக்கே பெரும்பாலும் வந்தார்கள். தமிழின் இயல்பான வரிசையும் அதுதான். 👦🍌😋 என்று எழுதினால் 'பையன் வாழைப்பழம் சாப்பிட்டான்' என்று தடங்கலில்லாமல் படிக்க முடிவது இதனால்தான்.

அந்த வரிசை தடுமாறுவது, இரண்டு பக்கமும் உயிருள்ளவை நிற்கும்போது. வாழைப்பழம் பையனைச் சாப்பிடாது, அதனால் வரிசை எப்படி இருந்தாலும் பொருள் ஒன்றே. நாயோ பையனைப் பார்க்கவும் செய்யும், துரத்தவும் செய்யும். இரு திசையிலும் நடக்கக்கூடிய இத்தகைய நிகழ்ச்சிகளைச் சைகையில் சொல்லும்போது ஆங்கிலம் பேசுபவர்கள் பலர் வினையைத் தூக்கி நடுவில் வைத்துக்கொள்வதாகப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. யார் எந்தப் பக்கம் என்பதை அவர்கள் அப்படிப் பிரித்துக்காட்டுகிறார்கள். தமிழில் வினையை நடுவில் கொண்டுபோக வேண்டியதில்லை. 'ஐ' போதும்.

படி 1: வாக்கியத்தை முழுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்

கீபோர்டில் எமோஜியைத் தேடிக்கொண்டே வாக்கியம் கட்டக் கூடாது. கிடைக்கிற படத்துக்கு ஏற்ப வாக்கியம் வளைந்து, கடைசியில் தமிழாகவே இருக்காது. முதலில் தாளில் முழு வாக்கியம். அதில் நான்கு முதல் ஆறு வேர்ச்சொற்கள் இருக்கலாம். அதற்கு மேல் போனால் படிப்பவர் வாக்கியத்தை விட்டுவிட்டுப் படங்களைத் தனித்தனியாக ஊகிக்கத் தொடங்குவார்.

எழுதியபின் ஒவ்வொரு சொல்லிலும் வேரையும் ஒட்டையும் பிரித்து ஒரு கோடு போடுங்கள். 'நாயைப் பையன் பார்த்தான்' என்பது நாய்|ஐ பையன் பார்|த்தான் ஆகும். கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பதே படமாகும் தகுதி உடையது.

படி 2: எந்த உருபை விடலாம், எதை விடக் கூடாது

பேச்சுத் தமிழ் இதை ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கிறது. 'சோறு சாப்பிட்டான்', 'பழம் வாங்கினாள்', 'தண்ணி குடிச்சான்' என்கிறோம். உயிரற்ற, பொதுவான பொருளுக்கு 'ஐ' போடுவதில்லை. ஆனால் 'நாய் பார்த்தான்' என்று யாரும் சொல்வதில்லை, 'நாயைப் பார்த்தான்' என்றே வரும். எமோஜி வாக்கியத்திலும் இதே விதி அப்படியே பொருந்தும். செயப்படுபொருள் உயிரற்றதானால் உருபு இல்லாமல் விடலாம். உயிருள்ளதானால் 'ஐ' கட்டாயம்.

👩🥭🛒 என்பதற்கு உருபே வேண்டாம். 👩 🐈யை 🛒 என்பதில் வேண்டும். பூனை வாங்காது என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் படிப்பவர் முதல் பார்வையில் 'பெண்ணும் பூனையும் கடைக்குப் போனார்கள்' என்று எடுத்துக்கொள்வார். இரண்டு உயிர்ப்படங்கள் அடுத்தடுத்து உருபில்லாமல் நின்றால் அவை 'இருவரும்' என்று படிக்கப்படுவது மிகச் சாதாரணம்.

'கு', 'இலிருந்து' இரண்டையும் எப்போதும் எழுதுங்கள். 👧🏫🏃 என்பது பள்ளிக்கு ஓடியதா, பள்ளியிலிருந்து ஓடியதா? இரண்டும் நடக்கும். 'இல்' என்பதை மட்டும் சூழல் தெளிவாக இருந்தால் விடலாம். 👴🛏️😴 என்றால் கட்டிலில்தான் தூங்கியிருப்பார்.

'ஓடு', 'ஆல்' இரண்டும் நடுத்தரம். ✂️, 🔪, 🔨 போன்ற கருவிப் படங்களில் ஒரு வசதி இருக்கிறது. வாக்கியத்தின் கடைசியில் நின்றால் அவை வினையாகவும், நடுவில் நின்றால் பெயராகவும் படிக்கப்படுகின்றன. 👨🧵✂️ என்றால் நூலை வெட்டினான். 👨✂️🛒 என்றால் கத்தரிக்கோல் வாங்கினான். படம் மாறவில்லை, இடம் மாறியதும் சொல்வகை மாறிவிட்டது. வினை கடைசியில் வரும் மொழிக்கே கிடைக்கும் வசதி இது, முடிந்தவரை பயன்படுத்திக்கொள்ளுங்கள். 'ஆல்' தேவைப்படுவது, கருவியும் வினையும் தனித்தனியாக வரும்போது மட்டும்தான்.

படி 3: ஒட்டைப் படத்தோடு சேர்ப்பது

இங்கேதான் பலரும் முதலில் இடறுவது. 🐕 போட்டுவிட்டு அதன்மேல் ஐகாரக் குறியை மட்டும் தட்டினால், குறிக்கு ஒட்டிக்கொள்ள மெய்யெழுத்து இல்லாததால் திரையில் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும்: ◌ை. தமிழ்த் துணைக்குறி எமோஜியின்மேல் ஒட்டாது. உயிரெழுத்தாகவோ, முழு மெய்யிலிருந்தோ தொடங்க வேண்டும். 🐕ஐ சரி. 🐈யை சரி. 🌳த்தை சரி.

இந்த மூன்றும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கவனியுங்கள். 🐕ஐ என்பதில் உருபு மட்டும் இருக்கிறது. 🌳த்தை என்பதில் உருபோடு சாரியையும் வந்துவிட்டது. இந்த வால் படிப்பவருக்கு ஒரு துப்பு. 🐄ட்டை என்று எழுதினால் 'மாட்டை' என்று மட்டுமே படிக்க முடியும். 🐄வை என்றால் 'பசுவை'. 🏠ட்டுக்கு என்றால் 'வீட்டுக்கு', 🏠த்துக்கு என்றால் 'இல்லத்துக்கு'. படம் எந்தச் சொல்லைக் குறிக்கிறது என்ற சந்தேகத்தை வால் தீர்த்துவிடுகிறது. புதிர் எளிதாக இருக்க வேண்டுமானால் வாலோடு எழுதுங்கள், கடினமாக இருக்க வேண்டுமானால் வெறும் ஐ, கு என்று விடுங்கள். ஆனால் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டையும் கலக்காதீர்கள். 🐄ட்டை என்று ஒருமுறை பார்த்தவர் அடுத்து 🌳ஐ என்று வந்தால், 'மரத்தை' ஆக இருக்க முடியாது, வால் இல்லையே என்று வேறு சொல் தேடுவார்.

வால் வைத்து எழுதும்போது ஒரு பொறி உண்டு. 'குரங்கை' என்பதற்கு 🐒கை என்று எழுதத் தோன்றும். படிப்பவர் 'குரங்கு கை' என்று படிப்பார். வால் தனியாக நின்றே ஒரு சொல்லாகிவிட்டால் அதைக் கைவிட்டு வெறும் உருபுக்குப் போங்கள்: 🐒ஐ. இப்படிப்பட்ட சொல் ஒன்று வாக்கியத்தில் இருந்தால் மற்றவற்றுக்கும் வாலை எடுத்துவிடுவதே நல்லது.

இடைவெளி விஷயத்தில் கறாராக இருங்கள். படத்துக்கும் அதன் ஒட்டுக்கும் நடுவில் ஸ்பேஸ் கூடாது, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் கட்டாயம் ஒரு ஸ்பேஸ். 👦🐈யை👀த்தான் என்று ஒட்டி எழுதினால் 'யை' எதோடு சேர்ந்தது என்று கண் ஒரு நொடி தேடும். 👦 🐈யை 👀த்தான் என்றால் தேடாது. இன்னொன்று, எமோஜிக்கும் அதன் பின்னால் வரும் எழுத்துக்கும் நடுவில் வரியை உடைக்கத் திரைக்கு அனுமதி உண்டு. நீண்ட வாக்கியத்தில் 🐈 ஒரு வரியின் கடைசியிலும் 'யை' அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் விழலாம். பக்கத்தில் இருக்கும் சின்னத்திரை போனில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வரி உடைந்தால் வாக்கியத்தை நீங்களே இரண்டு வரியாகப் பிரித்துவிடலாம்.

படி 4: வினை

ஓடுவது 🏃, நடப்பது 🚶, நீந்துவது 🏊, தூங்குவது 😴, அழுவது 😭, எழுதுவது ✍️, பார்ப்பது 👀. இவற்றில் சிக்கல் இல்லை, உடல் செய்வது படத்திலேயே தெரிகிறது. கொடு, வை, சொல், விடு, கிடை போன்றவற்றுக்குப் படம் இல்லை. இருப்பது போலத் தோன்றும் படங்களும் வேறு பெயராகவே படிக்கப்படும். 🎁 என்பதைக் 'கொடு' என்று நீங்கள் நினைத்தாலும் படிப்பவருக்கு அது 'பரிசு'தான். இத்தகைய வினைகளை எழுத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் எழுத்தில் இருப்பதால் புதிர் கெட்டுப்போவதில்லை. இல்லாத படத்தை இருப்பதாகப் பாவித்தால்தான் கெடும்.

வினைப்படத்துக்குப் பின்னால் காலமும் விகுதியும் எழுத்தில் வர வேண்டும்: 🏃னான், 😴கிறாள், 👀த்தது. இந்த விகுதியின் பலம் பெரிது. தொடக்கத்தில் பார்த்த வாக்கியத்துக்கே திரும்பினால், 'ஐ' போடாமலே அதைத் தீர்க்க முடியும்:

👦 🐕 👀த்தான்
👦 🐕 👀த்தது

முதலாவது ஆன் விகுதி, எனவே பார்த்தது பையன். இரண்டாவது அது விகுதி, எனவே பார்த்தது நாய், பையன் முதலில் நின்றாலும் கூட. படிப்பவர் வாக்கியக் கடைசிக்கு வந்ததும், முதலில் எடுத்த முடிவைத் திருத்திக்கொள்ள விகுதி உதவுகிறது. ஆனால் இருவரும் உயர்திணை ஆணாகவோ, இரண்டும் விலங்காகவோ இருந்தால் விகுதி கைகொடுக்காது. 👦 👨 👀த்தான் என்றால் யார் யாரை? அங்கே 'ஐ' இல்லாமல் வழியே இல்லை. விகுதி கைகொடுக்கும் இடத்திலும் 'ஐ' சேர்ப்பது நல்லதுதான், விகுதியை மட்டும் நம்பினால் படிப்பவர் கடைசிவரை வந்து திரும்ப வேண்டியிருக்கும்.

விகுதி இருந்தால் எழுவாயையே நீக்கலாம் என்பதும் தமிழின் வசதி. 🍚 🍳த்தேன் என்றால் 'நான்' எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை. 👉, 🙋 போன்றவற்றை 'நான்', 'நீ' என்று வைத்துத் திணறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மறுப்பை எங்கே வைப்பது என்பதிலும் தமிழ் வரிசையைப் பின்பற்றுங்கள். 🚫 முன்னால் வந்தால் 'தடை' என்ற அறிவிப்புப் பலகையாகவே படிக்கப்படும். 🚭 போல. ❌ கடைசியில் வந்தால் 'இல்லை' என்றாகிறது: 👶 🥛 ❌. இதில்கூட 'குடிக்கவில்லை'யா 'பால் இல்லை'யா என்ற ஐயம் நிற்கும். வினை தேவையானால் 👶 🥛 குடிக்க❌ என்று எழுதிவிடலாம்.

படி 5: படம் எந்தப் பக்கம் பார்க்கிறது

இதை யோசிக்காமல் எழுதுபவர்களே அதிகம். பெரும்பாலான போன்களில் 🏃, 🚶, 🚗, 🐕, 🐅, 🐎 எல்லாம் இடப்பக்கம் பார்த்தபடி நிற்கின்றன. நாம் படிப்பதோ இடமிருந்து வலமாக. ஆங்கில வரிசையில் 👦🏃🏠 என்று எழுதினால், ஓடுபவன் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறான். தமிழ் வரிசையில் 👦 🏠ட்டுக்கு 🏃னான் என்று எழுதினால், கடைசியில் நிற்கும் ஓட்டக்காரன் வீட்டைப் பார்த்தே ஓடுகிறான். வினை கடைசியில் வருவதால் இலவசமாகக் கிடைத்த பொருத்தம் இது. 'வீட்டிலிருந்து' ஓடினான் என்று சொல்ல வேண்டுமானால் இதே பொருத்தம் எதிரியாகிவிடும். அங்கே 🏠ட்டிலிருந்து என்று முழு உருபும் எழுதப்பட்டே ஆக வேண்டும்.

2023-ல் வந்த எமோஜி 15.1 பதிப்பில் வலப்பக்கம் பார்க்கும் ஓட்டக்காரரும் நடப்பவரும் சேர்ந்தார்கள். ஆனால் அவை ஓட்டப் படத்தையும் ➡️ அம்புக்குறியையும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு எழுத்தால் ஒட்டிச் செய்தவை. பழைய போனில் அவை பிரிந்து, 🏃 தனியாகவும் ➡️ தனியாகவும் தெரியும். படிப்பவர் அந்த அம்புக்குறியைத் தனிச் சொல்லாக எடுத்துக்கொள்வார். குழுவில் எல்லோரிடமும் புதுப் போன் இருக்காது என்பதால் இதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. இதேபோல் 2019-ல் வந்த 🛺, 🥻, 🪔, அதற்கும் பின்னால் வந்த 🪷 எல்லாம் மிகப் பழைய போன்களில் வெற்றுக் கட்டமாகவே வரும்.

திசை முழுவதுமாகக் கவிழ்த்துவிடும் வாக்கியம் துரத்தல். 'நாய் பூனையைத் துரத்தியது' என்பதை 🐕 🐈 🏃 என்று எழுதுங்கள். இரண்டு விலங்குகளும் இடப்பக்கம் பார்க்கின்றன. நாய் முன்னால், பூனை பின்னால். வாக்கியமாகப் படித்தால் நாய் துரத்துகிறது, காட்சியாகப் பார்த்தால் பூனை நாயைத் துரத்துகிறது. படிப்பவர் எதை நம்புவார் என்று சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் இதற்குத் தீர்வு எளிதில்லை, எழுவாயைப் பின்னால் தள்ள முடியாது. தமிழில் தாராளமாகத் தள்ளலாம்:

🐈யை 🐕 துரத்தியது

பூனை முன்னால், நாய் பின்னால், காட்சியும் வாக்கியமும் ஒரே பொருளைச் சொல்கின்றன. துரத்து, பின்தொடர், பிடி, முட்டு, மோது போன்ற வினைகளுக்கெல்லாம் இப்படிச் செயப்படுபொருளை முதலில் வைப்பதே நல்ல வழக்கம். இதை 'ஐ' இல்லாமல் செய்யக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

படி 6: அடைமொழியும் வாக்கிய எல்லையும்

தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும், வினைமுற்று பின்னால் வரும். எனவே 😴🐕 என்றால் 'தூங்கும் நாய்', 🐕😴 என்றால் 'நாய் தூங்குகிறது'. இரண்டே படங்களில் வரிசை மட்டும் மாறி அடைமொழி பயனிலையாகிறது. தனியாக நிற்கும்போது இது தெளிவு. பெரிய வாக்கியத்துக்குள் போனதும் சிக்கல்:

👦 😴 🐕 👀

பையன் தூங்கும் நாயைப் பார்த்தான். அல்லது, பையன் தூங்கினான், நாய் பார்த்தது. நடுவில் இருக்கும் 😴 முன்னால் இருப்பதோடும் ஒட்டும், பின்னால் இருப்பதோடும் ஒட்டும். முதல் படத்தைச் செய்பவராக எடுத்து, உடனே ஒரு செயலைத் தேடுவதே படிப்பவரின் பழக்கம் என்று பார்த்தோம். அதனால் பெரும்பாலானோர் 'பையன் தூங்கினான்' என்று முதலிலேயே முடித்துவிடுவார்கள். எழுத்து இங்கே ஒன்றுதான் கூட வேண்டும்: 👦 😴கும் 🐕ஐ 👀த்தான். 'கும்' வந்ததும் வாக்கியம் முடியவில்லை என்று தெரிந்துவிடுகிறது. அல்லது அடைமொழித் தொடரையே முதலில் கொண்டுவந்துவிடலாம்: 😴கும் 🐕ஐ 👦 👀த்தான்.

இரண்டு செயல்கள் அடுத்தடுத்து நடந்தால் வினையெச்சத்தின் ஒட்டை எழுதுங்கள்: 🏃 என்று விடாமல் 🏃இ, ✍️ என்று விடாமல் ✍️தி. உண்மையிலேயே வாக்கியம் முடிகிற இடத்தில் முற்றுப்புள்ளியைவிட வரி மாற்றுவது மேல். எமோஜிகளுக்கு நடுவில் புள்ளி கண்ணில் படுவதில்லை.

ஒரே படத்தை மூன்று முறை போடுவது பற்றி: பெயரானால் பன்மையாகவும் (🐦🐦🐦 என்றால் பறவைகள்), வினையானால் அழுத்தமாகவும் (😭😭😭 என்றால் விம்மி விம்மி) படிக்கப்படும். பன்மைக்கு இரண்டு படம் போதாது, இரண்டு என்றே எண்ணிவிடுவார்கள். 'கள்' எழுதுவது இதைவிடச் சுலபம்.

படி 7: ஒலியை வைத்துப் படம் போடுவது, அதுவும் அளவோடு

படத்தின் பொருளை விட்டு அதன் ஒலியை மட்டும் எடுத்துக்கொள்வது பழைய வித்தை. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் நார்மர் என்ற அரசனின் பெயரை ஒரு கெளுத்தி மீனும் ஓர் உளியும் வரைந்து எழுதியிருக்கிறார்கள், அந்தப் படங்களின் ஒலி 'நர்', 'மெர்' என்பதால். சிந்து எழுத்தின் மீன் குறி 'மீன்' என்ற ஒலிவழியே விண்மீனைக் குறித்திருக்கலாம் என்று ஹீராஸ் பாதிரியார் தொடங்கி அஸ்கோ பர்ப்போலா வரை வாதிட்ட ஆய்வாளர்கள் உண்டு. அது இன்னும் கருதுகோள்தான்.

நம் புதிருக்குத் தமிழ் வளமான நிலம். 🦵🚶 என்றால் கால்நடை. 🦷🎨 என்றால் பல்கலை. 👄🦵 என்றால் வாய்க்கால், நடுவில் வரும் 'க்' படிப்பவர் தானே சேர்த்துக்கொள்வார். 6️⃣ என்பது ஓடும் ஆறும் ஆகும். அதே வளமே ஆபத்தும். வாக்கியத்துக்குள் 🦵ஐ என்று வந்தால் அது கால்+ஐ, அதாவது காலை. உடம்பின் காலைத்தான் சொல்கிறீர்களா, விடியற்காலையைச் சொல்கிறீர்களா? வேற்றுமை உருபு ஒட்டும் ஒலிப்படத்தைப் பயன்படுத்தவே கூடாது. உருபு ஒலியின் பகுதியா, இலக்கணத்தின் பகுதியா என்று தெரியாமல் போகும்.

வாக்கியத்துக்கு ஓர் ஒலிப்படம், அதுவும் நேரான படம் இல்லாத சொல்லுக்கு மட்டும். இரண்டு வந்தால் படிப்பவர் எல்லாப் படத்தையும் ஒலியாகப் படிக்கத் தொடங்குவார். ஒலிப்படங்களை ஸ்பேஸ் இல்லாமல் ஒட்டி எழுதினால், அவை சேர்ந்தே ஒரு சொல் என்பது விளங்கும்.

ஒரு வாக்கியம், தொடக்கம் முதல் முடிவு வரை

எடுத்துக்கொண்டது இது: 'காலையில் பாட்டி குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்தாள். குரங்கு பாட்டியின் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறியது.'

எல்லாவற்றையும் படமாக்கிய முதல் வடிவம்:

🌅👵🐒🍌🎁🐒👵👓✊🌳🧗

இதில் நடப்பதைப் பாருங்கள். 👵🐒 உருபில்லாமல் சேர்ந்து நிற்பதால் 'பாட்டியும் குரங்கும்' ஆகிறார்கள். 🍌🎁 'வாழைப்பழப் பரிசு' ஆகிறது. உடனே 🐒 வருவதால் பரிசு கொடுத்தது குரங்கு என்றும் படிக்கலாம். 🐒👵👓 என்பதில் கண்ணாடி யாருடையது என்றே தெரியாது. கடைசியில் 🧗 தனி ஆளாகத் தெரிவதால், மலையேறும் மூன்றாவது நபர் ஒருவர் கதைக்குள் நுழைகிறார்.

இனி படிப்படியாகச் சரிசெய்வோம். வாக்கியம் இரண்டு, எனவே வரி இரண்டு. 'குரங்குக்கு' என்பதில் 'கு' கட்டாயம், குரங்கு உயிருள்ளது என்பதால் மட்டுமல்ல, கொடுப்பதற்கு வாங்குபவர் வேண்டும் என்பதாலும். வாழைப்பழம் உயிரற்றது, உருபு வேண்டாம். கொடு என்பதற்குப் படம் இல்லை, எழுத்திலேயே இருக்கட்டும்.

🌅யில் 👵 🐒க்கு 🍌 கொடுத்தாள்

இரண்டாவது வரியில் 'குரங்கு' மறுபடியும் எழுவாய். 'பாட்டியின் கண்ணாடியை' என்பதில் உடைமை உருபு வேண்டும், இல்லையென்றால் 🐒 👵 என்று மீண்டும் இருவராகிவிடும். கண்ணாடி என்பது தமிழில் முகம் பார்ப்பதும் மூக்கில் போடுவதும் ஆகும். 👓 போட்டதும் அந்த ஐயம் நீங்கிவிட்டது. இதையே 👁️💃, அதாவது கண்+ஆடி என்று ஒலியாக எழுதலாம், கேட்க அழகாகவும் இருக்கும். ஆனால் நேரான படம் இருக்கும்போது அது வீண் சுமை, எந்தக் கண்ணாடி என்ற கேள்வியையும் திரும்பக் கொண்டுவரும். 'பிடுங்கிக்கொண்டு' எழுத்தில். ஏறுவதற்கு மனிதர் இல்லாத படம் வேண்டும், ⬆️ போதுமானது. 'றியது' வாலில் அஃறிணை விகுதி இருப்பதால் ஏறியது குரங்கு என்பது உறுதி.

🐒 👵யின் 👓யை பிடுங்கிக்கொண்டு 🌳த்தில் ⬆️றியது

🌳த்தில் என்று வால் வந்திருக்கிறது, முதல் வரியில் 🐒க்கு என்றும் இருக்கிறது. குரங்கு+கு சேர்ந்தாலும் குரங்குக்கு என்றே வருவதால் முரண் இல்லை. 'ஏறியது' என்பதில் 'றியது' வால் இருப்பதால் ⬆️ என்பதை 'மேலே' என்று படித்தவரும் திருத்திக்கொள்வார்.

சோதித்துப் பார்ப்பது

வாக்கியத்தை முன்பே பார்க்காத மூன்று பேரிடம் கொடுங்கள். பதிலை மட்டும் கேட்காதீர்கள், சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்பதுதான் தேவை, விடை தற்செயலாகச் சரியாகவும் வரலாம்.

யார் யாரை என்பது தலைகீழானால் விட்டுப்போனது 'ஐ'. அதைச் சேர்த்த பிறகும் தலைகீழானால் விலங்குகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பாருங்கள். அமைப்பு சரியாக வந்து சொல் மட்டும் மாறினால், 'பசு'வுக்குப் பதில் 'மாடு' என்று வந்தால், வால் குறைவு. இரண்டு வாக்கியம் ஒன்றாகவோ ஒன்று இரண்டாகவோ ஆனால் எச்சத்தின் ஒட்டு இல்லை. வாக்கியமாகவே எடுக்காமல் 'ஏதோ சினிமாப் பேரா?' என்று கேட்டால் கடைசிப் படத்தில் விகுதி இல்லை என்று பொருள். சினிமாப் பெயர்ப் புதிர்களில் வினைமுற்று அதிகம் வருவதில்லை, பழகிய கண் அதைத்தான் முதலில் தேடும்.

மூன்று பேரும் ஒரே மூச்சில் படித்துவிட்டால் ஒட்டு அதிகமாகிவிட்டது. உயிரற்ற பொருள்களின் 'ஐ'யிலிருந்து நீக்கத் தொடங்குங்கள், அடுத்து வால்களைக் குறையுங்கள். விகுதியையும் உயிருள்ளவற்றின் 'ஐ'யையும் கடைசிவரை தொடாதீர்கள்.